சென்னையில் பார்க்கிங் போர்டைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கம்பத்தில் மூணு போர்டு தொங்குது. எதை முதலில் பார்க்கணும்?

வடிவத்தைப் பாருங்கள். எழுத்தை அப்புறம் படிக்கலாம். வட்டமாக இருந்தால் அது கட்டளை, மீறினால் அபராதம். நீல நிறச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருந்தால் அது தகவல்: இங்கே நிறுத்தலாம், இன்ன வண்டி நிறுத்தலாம் என்று சொல்வது.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். நம் ஊர் நோ பார்க்கிங் குறியீடே நீல வட்டம்தான். அதற்குச் சிவப்பு விளிம்பு, குறுக்கே சாய்வாக ஒரு சிவப்புக் கோடு. தூரத்தில் இருந்து நீலம் தெரிந்ததும் பார்க்கிங் என்று நினைத்து ஓரங்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதே நீல வட்டத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கிட்டால் தடை இன்னும் கடுமையானது. அங்கே வண்டியை நிற்கவே விடக்கூடாது, ஆள் இறக்கிவிடக்கூட முடியாது. ஒரு கோடா, இரண்டு கோடா என்பதுதான் கால் டாக்ஸி ஓட்டுகிறவருக்குப் பெரிய வித்தியாசம்.

மேலே இருக்கும் குறியீடு உத்தரவு என்றால், அதற்குக் கீழே இருக்கும் சின்னத் தகடு அந்த உத்தரவின் எல்லை. எந்த நேரம், எந்தப் பக்கம், எந்த வண்டி என்று மூன்று விஷயங்களில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ அது சொல்லும். தகடு எந்தக் குறியீட்டுக்கு நேர் கீழே இருக்கிறதோ, அதோடு மட்டும் சேர்த்துப் படியுங்கள்.

‘காலை 8 முதல் இரவு 8 வரை’ என்று மட்டும் இருக்கு. அந்த நேரத்தில் நிறுத்தலாமா, கூடாதா?

தகடு எதன் கீழே தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. சிவப்பு விளிம்பு வட்டத்தின் கீழே இருந்தால் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் தடை. வெள்ளை ‘பி’ எழுத்து போட்ட நீலச் சதுரத்தின் கீழே இருந்தால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் அனுமதி. எழுத்து ஒன்றே, பொருள் நேர் எதிர். பாதி அபராதம் இந்த இடத்தில்தான் விழுகிறது என்பது என் எண்ணம்.

தடை நேரம் முடிந்த பிறகு என்ன? வட்டத்தின் தகடு சொல்லும் நேரம் கடந்ததும் அந்தப் போர்டின் தடை நீங்குகிறது. ஆனால் போர்டே தேவைப்படாத தடைகள் சில உண்டு. அவை இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கும். அதைக் கீழே பார்க்கலாம்.

தகடே இல்லாமல் வட்டம் மட்டும் இருந்தால் விடிய விடியத் தடைதான். ‘ராத்திரி யார் கேட்கப் போறாங்க’ என்பது வேறு விஷயம்.

‘1 மணி நேரம் மட்டும்’ என்பதும் ‘1 முதல் 4 வரை’ என்பதும் ஒண்ணுதானே?

இல்லை. முதலாவது நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது. உங்கள் வண்டி வந்து நின்ற நிமிஷத்தில் இருந்து கணக்கு. இரண்டாவது கடிகாரக் கணக்கு. நீங்கள் 3:50க்கு வந்தாலும் நான்கு மணிக்கு எடுத்துவிட வேண்டும்.

இரண்டும் ஒரே தகட்டில் இருந்தால் இரண்டுமே பொருந்தும், எது முதலில் முடிகிறதோ அதுதான் உங்கள் கெடு. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் தனியாகவே தடை செய்யப்பட்டிருக்கிறது. ‘பார்க்கிங்தானே, கொஞ்சம் கூட நின்னா என்ன’ என்ற வாதம் அதனால் எடுபடாது. கட்டணம் வசூலிக்கிற இடத்தில் இன்னொரு மணி நேரத்துக்குப் பணம் கட்டினாலும், அங்கே உச்சவரம்பு எழுதியிருந்தால் அந்த வரம்பு நீளாது.

அம்புக்குறி எந்தப் பக்கத்தைக் காட்டுது என்று புரியவே மாட்டேங்குது.

போர்டைப் பார்த்தபடி நில்லுங்கள். அம்பு இடப்பக்கம் காட்டினால் உத்தரவு கம்பத்தில் இருந்து இடப்பக்கம். வலப்பக்கம் காட்டினால் வலப்பக்கம். இருபக்கமும் காட்டினால் நீங்கள் உத்தரவின் நடுவில் இருக்கிறீர்கள், இதன் தொடக்கமும் முடிவும் வேறு இரண்டு கம்பங்களில் இருக்கும்.

நடைமுறையில் ஒரு பழக்கம் உதவும். வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் ஒரு கம்பம், பின்னால் ஒரு கம்பம் என்று இரண்டையும் நடந்து போய்ப் பாருங்கள். நம் தெருக்களில் ஒரு கம்பம் வேப்ப மரக் கிளைக்குள்ளேயோ அரசியல் போஸ்டருக்குள்ளேயோ ஒளிந்திருக்கும். மற்றது தெளிவாக இருக்கும்.

சரி, ஒரு உதாரணம் சொல்லுங்க. தடையும் அனுமதியும் ஒரே கம்பத்தில் இருந்தா?

கடைத்தெரு ஒன்றில் இப்படி ஒரு கம்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே ஒற்றைக் கோடு போட்ட நோ பார்க்கிங் வட்டம், அதன் கீழே ‘காலை 8 – இரவு 8’, இருபக்க அம்பு. அதற்கும் கீழே நீலச் சதுரத்தில் ‘பி’, லாரி படம், ‘சரக்கு ஏற்றி இறக்க மட்டும், பகல் 1 – 4’.

முதல் வரி எல்லாருக்குமான தடை. இரண்டாவது அந்தத் தடைக்குள் வெட்டிய ஜன்னல். பொதுவான உத்தரவும் குறிப்பான உத்தரவும் ஒரே கம்பத்தில் இருந்தால், குறிப்பானது தான் சொல்லும் வண்டிக்கும் வேலைக்கும் நேரத்துக்கும் மட்டும் விலக்கு தருகிறது. மீதி எல்லாம் பழையபடி தடைதான்.

இப்போது பகல் இரண்டரை மணி. ஒரு குட்டி யானை வந்து துணிக்கடைக்குப் பண்டல் இறக்குகிறது. லாரி படத்தில் அடங்கும் வண்டி, ஏற்றி இறக்கும் வேலை, நேரமும் சரி. பிரச்சினை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கார் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் அதே கடையில் இரண்டு பை நிறையப் புடவை வாங்கிக்கொண்டு வந்து டிக்கியில் வைக்கப் போகிறார். ‘நானும் லோடுதானே ஏத்துறேன்’ என்பார். படம் லாரி என்பதால் காருக்கு இந்த ஜன்னல் திறக்காது. அவருக்கு மேலே இருக்கும் வட்டம்தான் சட்டம். ஒரு வகை வண்டிக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு வகை வண்டியை நிறுத்துவதும் அந்த 2017 ஒழுங்குமுறைகளில் தடை.

மூன்றாவதாக ஒரு டூவீலர். பின்னால் பெரிய டெலிவரி பை. வேலை சரக்கு வேலைதான், ஆனால் படத்தில் டூவீலர் இல்லை. அவர் பார்சலைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பினால் அது நிறுத்துவதில் சேராது என்று வாதாடலாம். மூன்றாவது மாடிக்குப் போய் ஓடிபி கேட்டுக்கொண்டிருந்தால் வாதாட முடியாது.

குட்டி யானைக்கு மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டது. டிரைவர் எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். நான்கு மணி வரை நேரம் இருக்கிறதே என்று நினைக்கிறார். ஆனால் தகடு ‘1 – 4’ என்பதோடு நிற்கவில்லை, ‘ஏற்றி இறக்க மட்டும்’ என்றும் சொல்கிறது. கடைசிப் பண்டல் இறங்கியதுமே அவருடைய விலக்கும் முடிந்துவிட்டது. அதே போல 3:55க்கு வந்து பண்டலை இறக்கத் தொடங்கினால், 4:10க்கு நடுவேலையில் இருந்தாலும் தடைக்குள் வந்துவிடுவார். பாதி லோடு இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துப் போலீஸ்காரர் பொறுத்துக்கொண்டால் அது அவருடைய பெருந்தன்மை.

இரவு எட்டரைக்கு இரண்டு போர்டுகளுமே ஓய்ந்துவிட்டன. அப்போது கார்க்காரர் நிறுத்தலாம், முனையில் இருந்து தள்ளியிருந்தால்.

போர்டே இல்லாத இடத்தில் ஃபைன் போட முடியுமா?

முடியும், தாராளமாக. சென்னையில் இதைத்தான் யாரும் நம்புவதில்லை. ஒழுங்குமுறைகள் சில இடங்களை இடத்தின் தன்மையை வைத்தே தடை செய்கின்றன. பிளாட்பாரம், சைக்கிள் பாதை, பாதசாரிகள் கடக்கும் கோடு. சந்திப்பின் விளிம்பில் இருந்து இருபக்கமும் 50 மீட்டர். பஸ் நிறுத்தத்தின் அருகில். பள்ளி, மருத்துவமனை வாசல் அருகில். அடுத்தவர் கேட்டை மறித்து. ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாக. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடம்.

50 மீட்டர் என்பது நினைப்பதைவிட நீளம். ஒரு காருக்கு நான்கு மீட்டர் என்று வைத்தால் பன்னிரண்டு கார்கள் வரிசையாக நிற்கும் தூரம். மயிலாப்பூர், தி. நகர் உள்தெருக்களை நினைத்துப் பாருங்கள். பல தெருக்களில் இரு முனையில் இருந்தும் 50 மீட்டரைக் கழித்தால் நடுவில் கொஞ்சம்தான் மிஞ்சும். எல்லாத் தெருவிலும் இதற்குச் சலான் போடுவதில்லை என்பது உண்மை. ஆனால் போட்டால் ‘போர்டு எங்கே சார்’ என்று கேட்க இடமில்லை.

இது தவிர மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு இருக்கிறது. மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியைப் பொது இடத்தில் விட்டுவைக்கக் கூடாது என்கிறது. இடைஞ்சலா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்கிறவர் அங்கே நிற்கும் அதிகாரிதான்.

தரையில் மஞ்சள் கோடு இருக்கு, பிளாட்பாரக் கல்லில் கறுப்பு வெள்ளை அடிச்சிருக்கு. எது எதுக்கு?

சாலையின் ஓரத்தில் இடைவெளி விடாமல் ஓடும் மஞ்சள் கோடு நிறுத்தத் தடை, போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓரக்கல்லில் மாறி மாறி அடித்த கறுப்பு வெள்ளை, இரவில் கல் கண்ணுக்குத் தெரிவதற்காக. அதற்கும் பார்க்கிங்குக்கும் சம்பந்தமில்லை.

எங்க தெருவில் ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று அசோசியேஷன் போர்டு வெச்சிருக்காங்க. வெளியாள் நிறுத்தினா ஃபைன் வருமா?

அந்தப் போர்டுக்காக வராது. பொதுச் சாலையில் எங்கே நிறுத்தலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 117ஆம் பிரிவு மாநில அரசுக்கும், அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் தருகிறது. உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு அவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அசோசியேஷனுக்கும் கேட்காரருக்கும் அந்த அதிகாரம் இல்லை. பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, சிமென்ட் கல் என்று வைத்து இடம் பிடிப்பதும் அதே கதைதான். ‘மீறி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று எழுதுகிறார்கள் அல்லவா, அப்படிப் பிடுங்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. போக்குவரத்துக் குறியீடு போலவே தோன்றி ஆட்களைக் குழப்பும் தனியார் போர்டை அகற்றச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் அதை வைத்துக்கொண்டு கேட்டை மறித்து நிறுத்தாதீர்கள். கேட்டை மறிப்பது போர்டு இல்லாமலேயே குற்றம். அந்த வீட்டுக்காரர் ஒரு போட்டோ எடுத்துப் போக்குவரத்துப் போலீஸுக்கு அனுப்பினால் உங்களுக்குச் சலான் வரலாம்.

அப்போ பாஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்னு உண்மையாவே ஒதுக்கின இடமே கிடையாதா?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது வளாகங்களுக்குள்: நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில் நிலையம், மெட்ரோ நிலையப் பார்க்கிங். அங்கே வளாகத்தை நடத்துகிறவர்களின் விதி செல்லும். தெருவில் நீங்கள் சந்திக்கும் ஒதுக்கீடு வேறு மாதிரி. நீலச் சதுரத்தில் ஆட்டோ படம், டாக்ஸி படம், டூவீலர் படம், சக்கர நாற்காலிப் படம். இவற்றில் அட்டை தேவையில்லை, வண்டியின் வகைதான் அனுமதிச் சீட்டு. ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு காரை நிறுத்தி ‘ஆட்டோவே இல்லையே’ என்றால், காலியாக இருப்பது விலக்கு ஆகாது.

பாஸ் வைத்திருந்தால் அதில் மூன்றைச் சரிபாருங்கள்: வண்டி எண், செல்லும் தேதி, எந்த நிலையத்துக்கு அல்லது எந்தப் பகுதிக்கு என்பது. வீட்டில் இருக்கும் இரண்டாவது வண்டியை எடுத்துக்கொண்டு போய் முதல் வண்டியின் பாஸைக் கண்ணாடியில் வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

மாநகராட்சிப் பார்க்கிங் என்று டோக்கன் கொடுத்துப் பணம் வாங்கினாங்க. அப்புறமும் பூட்டு போட்டுட்டாங்க. எப்படி?

பணம் வாங்கியவர் யார் என்பதுதான் கேள்வி. மாநகராட்சி ஒதுக்கிய இடம் என்றால் அங்கே நீலப் பார்க்கிங் போர்டும் கட்டண விவரமும் இருக்க வேண்டும், கோடு போட்ட கட்டங்களும் இருக்கும், ரசீதில் உங்கள் வண்டி எண்ணும் நேரமும் இருக்கும். விசில் ஊதிக்கொண்டு வந்து அச்சடித்த துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பவர், அருகில் போர்டு எதுவும் இல்லாத இடத்தில் நின்றால், அவர் உங்களுக்கு எந்த உரிமையையும் விற்கவில்லை.

உண்மையான ரசீது இருந்தாலும் அது கட்டத்துக்குள் நிற்பதற்குத்தான். கட்டங்கள் நிரம்பி, ‘இங்கே ஓரமா விடுங்க சார்’ என்று முனையில் விடச் சொன்னால் விடாதீர்கள். தி. நகரில் தெருவில் இடம் தேடிச் சுற்றுவதைவிட மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழைந்துவிடுவது எவ்வளவோ மேல்.

அம்மா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாங்க, ஹசார்ட் லைட்டும் போட்டிருந்தேன். அதுக்கும் ஃபைனா?

ஆமாம். ஹசார்ட் லைட் நிறுத்த அனுமதி தரும் விளக்கு அல்ல. பக்கத்து இருக்கையில் ஆள் இருப்பதும் நோ பார்க்கிங்கை மாற்றாது. அம்மாவால் வண்டியை நகர்த்த முடியாது அல்லவா? லைசென்ஸ் உள்ளவர் ஸ்டீயரிங்கில் இருந்தால் சொன்னவுடன் எடுத்துவிடலாம், அதனால் நடைமுறையில் பலர் தப்பிக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மழைக்கு மேம்பாலத்தில் நிறுத்தினா?

சாதாரண நாளில் போக்குவரத்துக்கு இடைஞ்சல். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அவற்றுக்கு அபராதம் என்று செய்தி பரவ, அப்படி எதுவும் போடவில்லை என்று போலீஸ் தரப்பிலேயே விளக்கம் வந்தது. அது அந்த நாளின் சலுகை. மழை விட்டதும் வண்டியை இறக்கிவிடுங்கள்.

வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அல்லது வீல் லாக் போட்டிருக்காங்க. என்ன செய்யணும்?

பூட்டோடு ஒட்டியிருக்கும் சீட்டில் தொடர்பு எண் இருந்தால் அதில் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் போக்குவரத்துக் காவல் நிலையம். பூட்டை உடைக்கவோ, அப்படியே நகர்த்தவோ முயல வேண்டாம். சக்கரமும் போகும், இன்னொரு வழக்கும் சேரும்.

சட்டத்தின் 127ஆம் பிரிவுப்படி, தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல உத்தரவிடுபவரும், சக்கரத்தைப் பூட்ட வைப்பவரும் சீருடையில் இருக்கும் காவல் அதிகாரியாக இருக்க வேண்டும். தனியார் இழுவை வண்டிக்காரர் தானாக முடிவு செய்து தூக்க முடியாது. அபராதம் போக, இழுத்த செலவும் உரிமையாளர் தலையில்தான். பொது அபராதப் பிரிவான 177இல் முதல் முறைக்கு 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைக்கு 1,500 ரூபாய் வரை. இழுவைச் செலவும் சேர்ந்தால் இதைவிடக் கூடும். வண்டியை எடுக்கும்போது ரசீதும், கீறல் ஏதும் விழுந்திருந்தால் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்டு அழிஞ்சு போயிருந்தது, சலான் வந்திருச்சு. மறுக்க முடியுமா?

முடியும், ஆனால் அன்றே ஆதாரம் எடுத்திருக்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் இருந்து கம்பம் எப்படித் தெரிகிறது என்று ஒரு படம், போர்டை நெருக்கத்தில் ஒரு படம், வண்டியும் முனையும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம். மூன்றாவது ஏன் என்றால், போர்டு அழிந்திருந்தாலும் நீங்கள் 50 மீட்டருக்குள் நின்றிருந்தால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் போனால் கிளையை வெட்டியிருப்பார்கள், போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

சலானில் எந்தப் பிரிவு, எந்த இடம், எத்தனை மணி என்று இருக்கும். மேலே சொன்ன தகட்டு நேரத்தோடு அதைப் பொருத்திப் பாருங்கள். தடை காலை 8 மணிக்குத் தொடங்குகிறது, சலான் 7:40 என்கிறது என்றால் கம்பத்தின் படமே உங்கள் சாட்சி. இதைப் போக்குவரத்துப் போலீஸிடம் எழுத்தில் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் நீதிமன்றத்தில் சொல்லலாம். மறுக்காமல் அபராதத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட கணக்கு, அதற்கப்புறம் பேச ஒன்றும் இல்லை.

‘உங்கள் வண்டிக்குச் சலான்’ என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்திருக்கு. கட்டலாமா?

அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். சலான் என்று சொல்லி ஒரு ஆப் கோப்பை இறக்க வைத்து வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி நடந்துகொண்டிருக்கிறது. நீங்களே பிரவுசரைத் திறந்து echallan.parivahan.gov.in என்று தட்டச்சு செய்து, வண்டி எண்ணைப் போட்டுத் தேடுங்கள். உண்மையான சலான் என்றால் அங்கே இருக்கும்.